தண்டையார்பேட்டை முதல் மாடி வீடு: வாடகை விண்ணப்பத்துக்குப் பதில்

தண்டையார்பேட்டை,
சென்னை – 600081.
19.06.2025, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சகோதரி ரேவதி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் முதல் மாடி வீட்டைக் கடந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து, அன்று மாலையே டோக்கன் அட்வான்ஸாக 5,000 ரூபாய் அனுப்பி, கேட்ட ஆவணங்களையும் கொடுத்திருந்தீர்கள். அந்த வீட்டை உங்களுக்கு வாடகைக்குத் தர இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். நானும், வீட்டில் சம உரிமை உள்ள என் தம்பியும் நேற்று இரவு கலந்து பேசி எடுத்த முடிவு இது. காலையில் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

ஆடி பிறப்பதற்குள் குடிபோக வேண்டும் என்று நீங்கள் சொன்னது என் நினைவில் இருக்கிறது. ஆனி பிறந்து சில நாட்களே ஆகின்றன. இம்மாதம் முழுவதும் இங்கே வீடுகள் கைமாறிக்கொண்டிருக்கும். ஆகவே, ‘இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், சொல்கிறேன்’ என்று உங்களைக் காத்திருக்க வைத்து, அந்த நாட்களில் நீங்கள் பார்த்து முடித்திருக்கக்கூடிய வேறு வீடு கைநழுவிப் போவதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது. முடிவைத் தரகர் வாயிலாகச் சொல்லியனுப்புவதும், வாட்ஸ்அப்பில் ஒற்றை வரியாகப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு கேட்டு என் வாசல்வரை வந்து, நாற்காலியில் அமர்ந்து பேசிவிட்டுப் போனவருக்கு என் கையெழுத்துடன் பதில் சொல்வதுதான் முறை என்று கருதுகிறேன்.

ஞாயிறு வரையில் அந்த வீட்டைப் பலர் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். கேட்டில் மாட்டியிருந்த ‘டு-லெட்’ போர்டையும் இன்று காலையில் எடுத்துவிட்டோம். வரும் மாதம் அந்த வீட்டில் யாரேனும் குடியேறுவதை நீங்கள் பார்க்க நேர்ந்தால், எதையோ உங்களிடம் மறைத்துவிட்டதாக எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதை முன்னதாகச் சொல்கிறேன். ‘ஊரிலிருந்து உறவினர் வருகிறார்’ என்றோ ‘வீட்டைப் பழுதுபார்க்கப் போகிறோம்’ என்றோ எழுதுவது எளிதாக இருந்திருக்கும். அது உண்மையாக இருந்திருக்காது. குடிவருகிறவர் யார், எவ்வளவு வாடகை பேசினார் என்பதையெல்லாம் உங்களிடம் சொல்வது அவருக்கு நான் செய்யும் பிழையாகும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். உங்களைப் பற்றிய விவரங்களையும் அவ்வாறே அவரிடமோ வேறு எவரிடமோ சொல்ல மாட்டேன்.

வீடு கேட்டு வருபவரை ஏற்றாலும் மறுத்தாலும், அதற்கான காரணங்களை எழுத்திலோ பேச்சிலோ தருவதில்லை என்பதை நாங்கள் எல்லோரிடமும் ஒன்றுபோலவே கடைப்பிடித்து வருகிறோம். இந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கிடைக்காமல் போன மற்றவர்களுக்கும் இதே பதில்தான் போகிறது. ஆகவே இக்கடிதத்தில் நீங்கள் தேடக்கூடிய அந்த ஒரு வரி இல்லாமல் இருப்பதை உங்கள் மீதான குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று மனத்தை வருத்திக்கொள்ளவும் வேண்டாம். தரகரோ, பக்கத்து வீட்டில் இருப்பவர்களோ, தெருவில் வேறு யாரோ ‘இன்ன காரணத்தால்தான் தரவில்லையாம்’ என்று உங்களிடம் சொன்னால் அது அவர்களுடைய ஊகமாக மட்டுமே இருக்கும். இந்த முடிவுக்கான காரணத்தைப் பற்றி என் தம்பியைத் தவிர எவரிடமும் நான் பேசவில்லை. எங்கள் இருவரின் சொல் இக்கடிதத்தில் உள்ளது மட்டுமே.

திங்கட்கிழமை தொலைபேசியில் நீங்கள் சொன்ன இரண்டு விஷயங்களுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் கேட்ட 36,000 ரூபாய்க்குப் பதிலாக 60,000 ரூபாய் அட்வான்ஸ் தருவதாகவும், தேவைப்பட்டால் மாத வாடகை 12,000 ரூபாயைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம் என்றும் சொன்னீர்கள். அந்தத் தொகையை நீங்கள் எவ்வளவு சிரமப்பட்டுப் புரட்ட வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் முடிவில் பணம் குறைவு என்ற கணக்கு இல்லாததால், கூட்டித் தருவதாலும் முடிவு மாறாது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் உரிமையுடன் சொல்ல விரும்புகிறேன். அடுத்துப் பார்க்கும் வீட்டில், அவசரத்தினால் நீங்களாகவே தொகையை உயர்த்திப் பேச வேண்டாம். சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், இரு தரப்பும் வேறு வகையில் ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை என்றாலும், நீங்கள் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அந்த மூன்று மாதம்தான். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்யும்படியும் அந்த உரிமையாளரிடம் கேளுங்கள். அந்தப் பதிவு உங்களுக்குத்தான் முதலில் துணை நிற்கும்.

உங்களுக்கு நன்கு அறிமுகமான பெரியவர் ஒருவரை அழைத்து வந்து எங்களிடம் பேச வைப்பதாகச் சொன்னதும் நினைவில் இருக்கிறது. அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையின் பொருட்டே, முடிந்துபோன ஒரு விஷயத்துக்காக அவரை எங்கள் வீட்டுப் படியேற வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் நேரில் ‘முடியாது’ என்று சொல்வது எனக்கும் அவருக்கும் சங்கடமாக இருக்கும். வேறொருவருக்குக் கொடுத்த வாக்கை எங்களால் திரும்பப் பெறவும் இயலாது.

நீங்கள் அனுப்பிய 5,000 ரூபாயை, எந்த எண்ணிலிருந்து வந்ததோ அதே எண்ணுக்கு இன்று காலை 8 மணிக்கு ஜிபே வழியாக முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். டோக்கன் வாங்கும்போதே, தம்பியிடம் பேசிய பிறகுதான் முடிவு என்றும், அமையாவிட்டால் முழுத் தொகையும் திரும்பி வரும் என்றும் சொல்லியிருந்தேன். அதில் ஒரு ரூபாயும் பிடித்தம் இல்லை. இன்று மாலைக்குள் பணம் உங்கள் கணக்கில் தெரியாவிட்டால் உடனே தகவல் சொல்லுங்கள். என் வங்கியில் நானே விசாரித்து, உங்களுக்குச் சேரும்வரை பொறுப்பேற்பேன். வீடு அமையவில்லை என்பதால் தரகருக்கு இந்த வீட்டின் பொருட்டு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அவரிடம் இதைச் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். வீடு காட்டிய கூலி என்று பின்னால் எவரேனும் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

நீங்கள் கொடுத்த ஆதார் நகல், இரண்டு மாதச் சம்பளச் சீட்டு, இப்போதைய வீட்டின் வாடகை ரசீதுகள், புகைப்படம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு உறையிலிட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அவற்றை எவரும் நகல் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படங்களை என் கைபேசியிலிருந்தும் தம்பியின் கைபேசியிலிருந்தும் நீக்கிவிட்டோம். வீடு தேடும் நாட்களில் இத்தகைய காகிதங்கள் எத்தனை கைகளுக்குப் போகின்றன என்பதை நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள முடியும். வீடு பேசி முடியும்வரை அதைக் கொடுத்தாலே போதும் என்பது என் கருத்து. கொடுக்கும் நகலின் குறுக்கே ‘இன்ன முகவரி வீட்டு வாடகைக்காக மட்டும்’ என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

வேறு வீட்டு உரிமையாளர் யாரேனும் உங்களைப் பற்றி என்னிடம் விசாரித்தால், ‘வந்து பார்த்தார், ஆவணங்களை முறையாகக் கொடுத்தார், அதற்குள் வீடு வேறொருவருக்கு முடிவாகிவிட்டது’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் கிடைக்காத வீடு அடுத்த இடத்திலும் கிடைக்காமல் போவதற்கு என் வாய்ச்சொல் காரணமாகிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எந்தப் பகுதியில், எத்தகைய வீட்டில் குடியிருப்பது என்பது உங்கள் விருப்பம். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் வேலைக்குச் சென்றுவர வசதியாக இருக்கும் என்று நீங்களே சொன்னதால் மட்டும் இதைக் குறிப்பிடுகிறேன். நேற்று டோல்கேட் நிலையத்தின் அருகிலும் காலடிப்பேட்டைப் பக்கமும் போனபோது வாடகைக்கு என்று போர்டு தொங்குவதைப் பார்த்தேன். அந்த வீடுகளின் உரிமையாளர்களை எனக்குத் தெரியாது, உள்ளே போய்ப் பார்க்கவும் இல்லை. உங்கள் தேவைக்கு ஏற்ற மற்ற வீடுகளைத் தாமதிக்காமல் காட்டும்படி தரகரிடமும் கேட்டிருக்கிறேன்.

இந்த முடிவு இறுதியானது என்பதையும், இதுகுறித்துத் தொலைபேசியிலோ நேரிலோ மீண்டும் பேசுவதற்கு எங்களிடம் வேறு எதுவும் இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அழைப்புகளை நான் எடுக்காமல் போனால் அது கோபத்தினாலோ அவமதிப்பினாலோ அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். பணம் வந்து சேர்ந்ததா என்பதையும் ஆவண உறையை எப்போது பெற்றுக்கொள்கிறீர்கள் என்பதையும் மட்டும் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போதும்.

விடுமுறை நாளில் உங்கள் பொழுதைச் செலவிட்டு எங்கள் வீட்டைப் பார்க்க வந்ததற்கும், கேட்ட காகிதங்களை முகம் சுளிக்காமல் கொடுத்ததற்கும் நன்றி. ஆனி முடிவதற்குள் உங்களுக்கு நல்ல வீடு அமைய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

உறையை வரும் ஞாயிறு வரை காலை 7 மணி முதல் 9 மணி வரையிலும், மாலை 6 மணிக்குப் பிறகும் எங்கள் தரைத்தள வீட்டில் பெற்றுக்கொள்ளலாம். வேறு ஒருவரை அனுப்புவதானால் அவர் பெயரை முன்கூட்டிக் குறுஞ்செய்தியில் தெரிவியுங்கள், அவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். ஞாயிறுக்குள் வர இயலாவிட்டால், உங்கள் இப்போதைய முகவரிக்குப் விரைவுத் தபாலில் என் செலவிலேயே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வசந்தா
(எனக்காகவும் என் தம்பிக்காகவும்)