ஏர் கம்ப்ரசரின் உத்தரவாதக் காலம் நிறைவும் நீட்டிப்புச் சேவை ஒப்பந்தமும்

நாள்: 10.11.2025

பெறுநர்: பராமரிப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: 37 கிலோவாட் ஸ்க்ரூ ஏர் கம்ப்ரசர் – உத்தரவாதம் 14.12.2025 அன்று முடிவடைதல் – நீட்டிப்புச் சேவை ஒப்பந்தம் தொடர்பாக

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆலையில் 15.12.2023 அன்று நிறுவி இயக்கிவைத்த கம்ப்ரசரின் இரண்டு ஆண்டு உத்தரவாதம் வரும் டிசம்பர் 14ஆம் தேதியுடன் முடிவடைகிறது. அதற்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கும்போதே இக்கடிதத்தை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உத்தரவாதம் இருக்கும்போதே பார்த்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று தங்கள் இயந்திரத்தில் மீதமிருக்கிறது.

அக்டோபர் 18 அன்று எங்கள் தொழில்நுட்பர் வந்தபோது மீட்டர் 8,740 மணி நேரத்தைக் காட்டியது. கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் காற்றின் வெப்பநிலை 97 டிகிரியாக இருந்தது. தங்கள் ஆபரேட்டர் தவறாமல் எழுதிவரும் பதிவேட்டைப் புரட்டியதில், ஏறக்குறைய அதே பருவநிலையில் சென்ற ஆண்டு அது 86 டிகிரிதான் என்பது தெரிந்தது. ஆயில் கூலரின் தகடுகளுக்கிடையே பஞ்சுத் தூசி பாய்போல் படிந்திருந்ததால் அதை ஊதிச் சுத்தம் செய்தோம். ஆனாலும் வெப்பநிலை 91-க்குக் கீழே இறங்கவில்லை. எனவே தெர்மோஸ்டாட் வால்வு முழுமையாகத் திறக்கவில்லையோ என்று ஐயப்படுகிறோம். அப்படியானால் அதை மாற்றித் தருவது உத்தரவாதத்திற்குள் அடங்கும்; தாங்கள் எந்தச் செலவும் செய்ய வேண்டியதில்லை. 110 டிகிரியில்தானே இயந்திரம் ட்ரிப் ஆகும் என்று இதை விட்டுவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. கெட்டுப்போன ஆயில் ரோட்டர்களிலும் பேரிங்குகளிலும் பிசினாகப் படிந்துவிடும். இச்சோதனைக்காக டிசம்பர் 5ஆம் தேதிக்குள் தங்களுக்கு வசதியான ஒரு நாளைத் தெரிவித்தால், இயந்திரத்தை இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தி வேலையை முடித்துவிடுவோம்.

இனி, நீட்டிப்பு ஒப்பந்தம் குறித்து. தங்கள் கம்ப்ரசர் மாதத்திற்குச் சுமார் 400 மணி நேரம் ஓடுகிறது. இதே வேகத்தில் போனால் அடுத்த இரண்டு ஆண்டுகளின் முடிவில் மீட்டர் 18,000 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பேரிங்குகளின் தேய்மானமும் மோட்டாரின் நிலையும் உற்றுக் கவனிக்கப்பட வேண்டிய காலம் அது. ஆகவே தங்களுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தையே பரிந்துரைக்கிறோம். இதன்படி ஸ்க்ரூ யூனிட், மோட்டார், கண்ட்ரோலர், வால்வுகள் ஆகியவற்றில் ஏற்படும் பழுதுகளுக்கான உதிரிபாகங்களும் வேலைக் கூலியும் முழுமையாக எங்கள் பொறுப்பு. ஆண்டுக்கு நான்கு முறை வந்து அதிர்வு அளவையும் மின்னோட்டத்தையும் செபரேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டையும் அளந்து, எழுத்து மூலமாக அறிக்கை தருவோம். இயந்திரம் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தால் 24 மணி நேரத்திற்குள் எங்கள் ஆள் நேரில் வருவார்.

ஆயில், ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், செபரேட்டர் ஆகியவை இதில் அடங்காது. இவை இயல்பாகவே தேய்ந்து மாற்றப்படுபவை என்பதால் அவற்றின் விலை தனி. பரிந்துரைக்கப்படாத ஆயிலை ஊற்றுவதாலோ இருவகை ஆயில்களைக் கலப்பதாலோ மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலோ வரும் பழுதுகளுக்கும் இது பொருந்தாது. பின்னர் மனவருத்தம் வரக்கூடாது என்பதற்காகவே இவற்றை இப்போதே வெளிப்படையாகச் சொல்கிறேன். தங்கள் ஆலையில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தும் எண்ணம் இருந்தால் அதையும் தெரிவியுங்கள்; ஓடும் நேரம் பாதியாகக் குறையும்பட்சத்தில் முழு ஒப்பந்தம் தேவையில்லை, சோதனை வருகைகளை மட்டும் கொண்ட சிறிய ஒப்பந்தமே போதும் என்பது என் கருத்து.

டிசம்பர் 14க்குள் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் மறுநாளே இடைவெளியின்றித் தொடங்கும். அதற்குப் பின்னும் சேரலாம். ஆனால் முதலில் கட்டணச் சோதனை நடத்தி, அதில் தெரியவரும் பழுதுகளைத் தங்கள் செலவில் சரிசெய்த பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

ஒப்பந்தப் படிவம், கட்டண விவரம், அக்டோபர் சோதனை அறிக்கையின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அடுத்த வாரம் தங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன். வால்வு சோதனைக்கான நாளை அப்போது உறுதி செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலாளர், சேவைப் பிரிவு