படத்தோடு ஒரு வரி: நம் வீட்டுப் பெரியவர்களுக்கு

பெரியப்பா, பெரியம்மா, அத்தை, மாமா, சித்தி எல்லாருக்கும் வணக்கம்.

நம் குடும்பப் புலனக் குழுவில் நீங்கள் அனுப்பும் படங்களைப் பற்றித்தான் இது. படத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை, இன்னும் நிறைய அனுப்புங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு படத்தோடும் ஒரு வரி எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, எங்களால் ஏதும் ஆக வேண்டுமா. நான்கும் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். நான்கில் இரண்டு இருந்தாலும் போதும்.

படம் எடுத்த உங்களுக்கு அதில் இருப்பது யார் என்று தெரியும். உங்கள் உடன்பிறந்தவர்களுக்குப் பாதி தெரியும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்களுக்கு முகம் மட்டும் தெரியும், முறை தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு முகமும் தெரியாது.

“கைப்பேசியே தேதி போட்டு வைத்திருக்குமே, நான் வேறு எழுத வேண்டுமா?” என்று பட்டர்வொர்த் அத்தை கேட்டார். நல்ல கேள்வி. படம் எடுத்த கைப்பேசியில் நாளும் நேரமும் இருக்கும், சில சமயம் இடமும் இருக்கும். ஆனால் புலனத்தில் படமாக அனுப்பும்போது அந்த விவரங்கள் கழன்றுவிடும். எங்கள் பக்கம் வந்து சேர்வது படம் மட்டும்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அது IMG-20250211-WA0031 என்பதுபோல ஒரு பெயரில் பதியும். நடுவில் இருக்கும் எண் 2025 பிப்ரவரி 11. எங்களுக்கு அது வந்து சேர்ந்த நாள் அது, எடுத்த நாள் அல்ல. 1968இல் எடுத்த கல்யாணப் படத்தை நீங்கள் இன்று அனுப்பினால், எங்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் அது இன்றைய தேதியில்தான் உட்கார்ந்திருக்கும். உண்மையான வருஷம் நீங்கள் எழுதினால்தான் உண்டு.

எழுதும் இடம் எங்கே என்று பார்ப்போம். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அது திரை முழுக்கப் பெரிதாகத் தெரியும். பச்சை அம்பை உடனே தட்டிவிடாதீர்கள். படத்துக்குக் கீழே Add a caption என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தொட்டால் எழுத்துப் பலகை மேலே வரும். எழுதி முடித்துப் பிறகு அம்பைத் தட்டுங்கள். தட்டச்சு சிரமம் என்றால் எழுத்துப் பலகையில் ஒலிவாங்கிப் படம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டுவிட்டு வாயால் சொன்னால் அதுவே எழுதும். தமிழில் சொல்லி எழுதவைக்கக் கைப்பேசியில் ஒருமுறை தமிழைச் சேர்த்து வைக்க வேண்டும், அதை நான் செய்து தருகிறேன்.

எழுத்துப்பிழையை யாரும் பார்க்கப்போவதில்லை. பேசுகிற மாதிரியே எழுதுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சரி, நடுவில் மலாய் வந்தாலும் சரி. “பாசார்ல பார்த்தேன், நம்ம பழைய டீச்சர்” என்பது முழுமையான வரி.

படத்தை அனுப்பிவிட்டு அடுத்து ஒரு குரல் செய்தி போடுவது சிலர் வழக்கம். உங்கள் குரலைக் கேட்க எங்களுக்கு ஆசைதான், அதையும் அனுப்புங்கள். ஆனால் படத்தை இன்னொருவருக்குத் தள்ளிவிடும்போது குரல் கூடப் போகாது. படத்தின் கீழே எழுதிய வரி கூடவே போகும். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து “பால்குடம்” என்று தேடினால் அந்தச் சொல்லை எழுதிய படம் வந்து நிற்கும், குரலில் சொன்னது வராது.

மருத்துவமனைப் படங்கள்தான் மிக அவசரம். சுங்கை பட்டாணி மாமா ஒருநாள் ராத்திரி ஒரு படம் அனுப்பினார். கட்டில் ஓரம், ஊசி குத்தி டேப் ஒட்டிய ஒரு கை, பக்கத்தில் தொங்கும் ட்ரிப் பாட்டில். ஒரு சொல்கூட இல்லை. நாள் முழுக்க அலைந்த களைப்பு, கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். வளையலை வைத்து மாமியின் கை என்று அக்கா கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் கோலாலம்பூரில் யாரும் தூங்கவில்லை. அண்ணன் விடியுமுன் கார் எடுத்துக் கிளம்பிவிட்டார். காலையில்தான் தெரிந்தது, டெங்கி சந்தேகத்தில் ஒருநாள் கண்காணிப்புக்கு வைத்திருக்கிறார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று. மாமா பயமுறுத்த நினைக்கவில்லை, தெரிவிக்கத்தான் நினைத்தார். அந்தப் படத்துக்கு இப்படி ஒரு வரி இருந்திருக்கலாம்:

“மாமிக்கு இப்போ பரவாயில்லை. டெங்கியான்னு பார்க்க ஒருநாள் வைத்திருக்காங்க. யாரும் வர வேண்டாம், காலையில் கூப்பிடுறேன்.”

ஆள் எப்படி இருக்கிறார் என்பதை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பூட்டிய திரையில் எங்களுக்குத் தெரிவது முதல் சில சொற்கள்தான். “மாமிக்கு இப்போ பரவாயில்லை” என்று அங்கேயே தெரிந்துவிட்டால் கார் ஓட்டுகிறவன் பதறாமல் ஓட்டுவான். நிலைமை மோசம் என்றாலும் அதையே முதலில் எழுதுங்கள்: “உடனே கூப்பிடுங்கள்.” இரங்கல் அறிவிப்பைப் படமாகப் போடும்போதும் இதே கதைதான். இறந்தவர் நமக்கு என்ன முறை, எந்த வீட்டிலிருந்து எடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு. அறிவிப்பில் பொடி எழுத்தில் இருப்பதை நீங்கள் ஒரு வரியில் எழுதினால் வேலையிடத்தில் இருப்பவர் அப்போதே விடுப்புக் கேட்க முடியும்.

தைப்பூசப் படங்களுக்கு வருகிறேன். தண்ணீர்மலையில் எடுத்த படம் எல்லா வருஷமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: காவடி, கூட்டம், உடைத்த தேங்காய், மஞ்சள் துணி. வருஷத்தை எழுதுங்கள். தங்க ரதமா வெள்ளி ரதமா, எந்தத் தண்ணீர்ப்பந்தல் பக்கம் நின்றீர்கள், பால்குடம் எடுப்பது யார் என்று எழுதுங்கள். என்ன வேண்டுதல் என்று சொல்ல விருப்பம் இருந்தால் அதையும் எழுதுங்கள், அதைத்தான் நாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்வோம். பத்துப் படம் ஒன்றாக அனுப்பும்போது பத்துக்கும் முழுக்கதை தேவையில்லை. முதல் படத்துக்கு நாளும் இடமும், மற்றவற்றுக்கு ஆள் பெயர் மட்டும். கீழே வரிசையாகத் தெரியும் சின்னப் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எழுதலாம்.

சாப்பாட்டுப் படத்துக்கு யார் சமைத்தது, என்ன கறி என்று எழுதினால் போதும். கரண்டு பில், வங்கிக் கடிதம், சாலைச் சம்மன் என்றால் உங்கள் கேள்வியை எழுதுங்கள்: “இதை நான் கட்டணுமா?” ஐசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தெரியும் தாளைக் குழுவில் போடவேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். வேறு எங்கிருந்தோ வந்த வெள்ளப் படம், விபத்துப் படத்துக்கு “இன்னார் அனுப்பியது, எங்கே என்று தெரியாது” என்று சேர்த்துவிடுங்கள். நீங்கள் அங்கே நிற்கிறீர்களோ என்று நாங்கள் பதறமாட்டோம். காலை வணக்கப் பூப்படத்துக்கு எதுவும் வேண்டாம், அதிலேயே எழுதியிருக்கிறது.

நான் மனசாரக் கேட்பது பழைய படங்களுக்கான வரியைத்தான். பீரோவுக்குள் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கைப்பேசியில் பிடித்து அனுப்புகிறீர்கள், பெரிய உபகாரம். அதில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இப்போது நீங்கள் மட்டும்தான்.

ஆட்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். “அம்மா, மாமா, பாப்பா” என்று எழுதினால் யாருடைய அம்மா என்று எங்களுக்குத் தெரியாது. நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையில் மூன்று பாப்பா இருக்கிறார்கள். வீட்டில் கூப்பிடும் பெயரோடு ஐசியில் உள்ள பெயரையும், யாருடைய மகன் அல்லது மகள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தோட்டத்தில் எடுத்த படம் என்றால் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், லயமா, கோயில் வாசலா, பள்ளிக்கூடமா? தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதி ஆக்கிய இடங்களில் இன்று அந்தப் பெயர்ப்பலகைகூட இருக்காது. நீங்கள் எழுதும் பெயரை வைத்துத்தான் நாங்கள் தேடிப் போக முடியும்.

வருஷம் நினைவில்லையா? படத்துக்குள்ளேயே தேடுங்கள். பின்னால் பினாங்குப் பாலம் தெரிந்தால் 1985க்குப் பிந்தையது. பத்துமலையில் பெரிய முருகன் சிலை இல்லாமல் படிக்கட்டு மட்டும் தெரிந்தால் 2006க்கு முந்தையது. சிலை இருந்து படியில் வண்ணம் இல்லாவிட்டால் 2018க்கு முன். அதுவும் உதவாவிட்டால் குடும்பக் கணக்கில் சொல்லுங்கள்: “பெரியண்ணன் பிறப்பதற்கு முன்”, “தாத்தா தோட்ட வேலையை விட்ட வருஷம்”. அது எங்களுக்குப் போதும், பிறப்புப் பத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வோம். மூன்றாவதாக நிற்பவர் யாரென்று நினைவு வரவில்லை என்றால் “மூன்றாமவர் தெரியவில்லை” என்றே எழுதுங்கள். குழுவில் யாராவது சொல்வார்கள்.

பழைய படத்தைப் பிடிக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், நடுவில் வெள்ளையாகப் பளிச்சிடும். ஜன்னல் பக்கம், வெயில் நேரே படாத இடத்தில் மேசைமேல் வைத்துப் பிடியுங்கள். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, யாரோ யாருக்கோ எழுதிய “அன்புடன்” எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், உறைக்கு மேலேயே எடுத்து அனுப்புங்கள்.

வரி எழுத மறந்து அனுப்பிவிட்டால் கவலை வேண்டாம். உங்கள் விரலைப் படத்தின்மேல் வைத்து வலப்பக்கம் இழுங்கள், அந்தப் படத்துக்கே பதில் எழுதும் இடம் வரும். எழுதிய வரியில் தப்பு இருந்தால் 15 நிமிடத்துக்குள் அதை அழுத்திப் பிடித்து Edit என்பதைத் தேடித் தொட்டுத் திருத்தலாம். அதற்குமேல் ஆனால் பதிலாகத் திருத்தம் எழுதுங்கள். படத்தை அழித்துவிடாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு ஆயர் ஈத்தாமில் பெரியம்மா வீட்டில் இருப்பேன். கைப்பேசியைக் கொண்டுவாருங்கள், தமிழ் எழுத்துப் பலகையும் பேசி எழுதும் வசதியும் போட்டுத் தருகிறேன். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். இந்தத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஆளுக்கொன்று வைத்திருக்கிறேன், சுங்கை பட்டாணிக்கு அண்ணன் கொண்டுவருவார். பழைய ஆல்பம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நானே ஒவ்வொன்றுக்கும் வரி எழுதுகிறேன்.