செயல்முறை வகுப்பு: படுக்கையில் கீழே சரிந்த நோயாளியை மேலே நகர்த்துதல்

எல்லோரும் கட்டிலைச் சுற்றி நில்லுங்கள். நோயாளி 70 கிலோ, தானாக நகர முடியாதவர். தனியாக யாரும் தொடக்கூடாது. ஒருவர் கையால் தாங்கும் எடை 16 கிலோவைத் தாண்டினால் துணை ஆளோ கருவியோ வேண்டும்.

முதலில் சக்கரப் பூட்டு. வடிகுழாய், டிரிப் குழாய் இழுபடாதா என்று பாருங்கள். மூச்சுத்திணறல் இல்லையென்றால் தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். சரிவில் ஏற்றி இழுப்பது வீண் பாரம். கட்டில் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். இருவரில் குள்ளமானவரே அளவு. அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான். குனிந்தபடி உடலைத் திருப்பும்போதுதான் கீழ்முதுகு வட்டுகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

நோயாளியின் அடியில், தோள் முதல் தொடை வரை, டிரா ஷீட் என்ற குறுக்கு விரிப்பு. நோயாளியின் கைகள் மார்பின்மேல், தாடை நெஞ்சோடு. விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி, அவர் உடலை ஒட்டிப் பிடியுங்கள். கால்களை அகட்டி, தலைப்பக்கக் காலை முன்வைத்து, முழங்காலை மடக்குங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று” என்றதும் பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றுங்கள். தூக்க வேண்டாம், வழுக்கவிடுங்கள்.

அக்குளில் கைகொடுத்து இழுக்கவே கூடாது. அவர் தோள்மூட்டும் உங்கள் முதுகும் சேர்ந்தே போகும்.

இப்போது இருவர் இருவராக வாருங்கள்.