வகுப்பில் உடல்நல எச்சரிக்கை கடிகாரம் அணிய அனுமதி வேண்டி

கோபிசெட்டிபாளையம்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 8-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகள் கனிஷ்காவுக்கு முதல் வகை சர்க்கரை நோய். கையில் ஒட்டியுள்ள சென்சார் காட்டும் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் அவள் கடிகாரம் அதிரும். அதை வகுப்பில் அணிய அனுமதி வேண்டுகிறேன்.

சென்சாரின் அளவு போன் வழியாகத்தான் கடிகாரத்துக்கு வருகிறது. போனை ஆபீசில் வாங்கி வைத்தால் தொடர்பு அறுந்துவிடும். பையிலேயே இருக்கட்டும், எடுக்கமாட்டாள். தேர்வன்று கண்காணிப்பாளர் மேசையில் வைக்கலாம்.

அதிர்ந்ததும் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட விடுங்கள். பொட்டலம் பென்சில் டப்பாவில் இருக்கும். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்ப்பாள். அதுவரை தனியே எங்கும் அனுப்ப வேண்டாம். பெரும்பாலும் பி.டி. பீரியடுக்குப் பிறகுதான் இறங்கும். மயங்கினால் வாயில் எதையும் ஊட்டாமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் சான்று இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கனிஷ்காவின் அம்மா