அழற்சியும் காயம் ஆறுதலும்: முதலாண்டு வகுப்புக் குறிப்பு

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கவாத்து எடுக்கும்போது கத்தி நழுவி, ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தைக்க முடியாத காயம். மலையிறங்கி சேலம் வருவதற்குள் ரத்தம் நின்றிருக்கும். அதுதான் முதல் கட்டம்: ரத்தக் குழாய் சுருங்கும், தட்டணுக்கள் ஒட்டி அடைக்கும், ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னி உறையும். எல்லாம் நிமிடக் கணக்கு.

அடுத்தது அழற்சி. மாணவிகள் அதிகம் குழம்பும் இடம் இது. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை விடுவிக்க, சுருங்கிய குழாய்கள் இப்போது விரிகின்றன. ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் கசிந்து நீர் வெளியேறுவதால் வீக்கம். வீக்கம் நரம்பை அழுத்துவதாலும், பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் நரம்பைத் தூண்டுவதாலும் வலி. ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த நான்கு அறிகுறிகள் இவை. செயலிழப்பு என்ற ஐந்தாவது பின்னால் சேர்ந்தது. முதலில் வரும் நியூட்ரோஃபில்கள் கிருமியை விழுங்கும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து குப்பையை அள்ளும், அடுத்த வேலைக்கு ஆள் கூப்பிடும்.

ஆக, இரண்டாம் நாள் லேசான சிவப்பைப் பார்த்ததும் "புண் சீழ் வச்சிருச்சு" என்று பதற வேண்டாம். சிவப்பு நாளுக்கு நாள் குறைகிறதா, பரவுகிறதா என்று பாருங்கள். பரவினாலோ, வலி கூடினாலோ, நாற்றம், சீழ், காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சுமார் நான்காம் நாளிலிருந்து வளர்ச்சிக் கட்டம். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மூன்றாம் வகைக் கொலாஜனை நெய்யும், புதிய நுண்குழாய்கள் முளைக்கும். கட்டைப் பிரித்தால் தக்காளி நிறத்தில், ஈரமாக, பொடிப்பொடியாக மேடு தட்டியிருக்கும். தொட்டால் ரத்தம் துளிர்க்கும். அதுதான் கிரானுலேஷன் திசு. நான் பயிற்சியில் இருந்தபோது அதை அழுக்கென்று நினைத்துப் பஞ்சால் தேய்த்து, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காய்ந்து ஒட்டிய கட்டை உப்புநீரில் நனைத்து எடுக்கச் சொல்வதும் இந்தத் திசு பிய்ந்துவிடக் கூடாது என்றுதான். இதன்மேல் விளிம்பிலிருந்து புதுத் தோல் தவழ்ந்து வரும். ஈரப்பதம் இருந்தால் அது வேகமாக நகரும் என்பதை ஜார்ஜ் வின்டர் 1962-இல் பன்றிகளில் காட்டினார்.

சுமார் மூன்று வாரத்துக்குப் பிறகு சீரமைப்பு. மூன்றாம் வகைக் கொலாஜன் இருந்த இடத்தில் உறுதியான முதலாம் வகை வரும். இது ஓராண்டுக்கு மேலும் நீளலாம். அப்போதும் தழும்பின் வலு பழைய தோலில் 80 சதவீதத்தைத் தாண்டாது. சர்க்கரை, பீடி, புரதக் குறைவு, வைட்டமின் சி குறைவு இருந்தால் எந்தக் கட்டமும் இழுத்தடிக்கும்.

அப்புறம் ஒன்று. பதிவேட்டில் "புண் சிவப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். புண்ணின் தரை சிவப்பா, சுற்றியுள்ள தோல் சிவப்பா? எத்தனை சென்டிமீட்டர்? எத்தனையாவது நாள்?