எந்தச் சான்றிதழ் தேவை என விவரம் கேட்டல் – தொடர்பாக

அனுப்புநர்
இளநிலை உதவியாளர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.

நாள்: 18.09.2024

பெறுநர்
திரு. முருகேசன் அவர்கள்,
(10 ஆ பிரிவு மாணவன் மு. கார்த்திக்கின் தந்தை)

ஐயா, வணக்கம்.

இன்று காலை தங்கள் மகன் ஒரு சீட்டு கொண்டுவந்து கொடுத்தான். நாள்காட்டித் தாளின் பின்புறம் "சார், சர்ட்டிபிகேட் அவசரம், பையனிடம் கொடுத்து விடவும்" என்று ஒரே வரி, கீழே கையெழுத்து. எந்தச் சர்ட்டிபிகேட் என்று அதில் இல்லை. தம்பியிடம் கேட்டதற்கு, "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாங்க சார், அவ்வளவுதான் தெரியும்" என்கிறான். ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது தாங்கள் கொடுத்த செல்போன் எண்ணுக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் கொத்தனார் வேலை பார்ப்பதாகக் கார்த்திக் சொன்னான். நலவாரியக் கல்வி உதவித்தொகைக்காகக் கேட்டிருப்பீர்களோ என்று நினைக்கிறேன். அதற்கென்றால், இவன் இங்கே 10-ஆம் வகுப்பு படிக்கிறான் என்று தலைமையாசிரியர் தரும் படிப்புச் சான்று, அதாவது போனஃபைடு. வாரியத்தில் தனிப் படிவம் ஏதும் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், ஒரே கையெழுத்தோடு வேலை முடிந்துவிடும். பேங்க் கணக்குக்கோ ஆதார் திருத்தத்துக்கோ என்றாலும் சொல்லிவிடுங்கள். எதற்காக என்பதையும் சான்றில் குறிப்பிட வேண்டும்.

நானாகவே ஊகித்து எழுதிக் கொடுக்காததற்குக் காரணம் டி.சி. தான். "சர்ட்டிபிகேட்" என்றால் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுத்தால் வருகைப் பதிவேட்டிலிருந்து பையன் பெயரை நீக்க வேண்டும், எமிஸ் இணையதளத்திலும் அவன் நம் பள்ளியை விட்டுப் போய்விடுவான். பொதுத்தேர்வு எழுதப் போகிற வருடம் வேறு. உண்மையிலேயே வேறு பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால் சீட்டு போதாது. தாங்களே நேரில் வந்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும், பையனிடம் கொடுத்தனுப்ப மாட்டோம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்றால் நாங்கள் தருவதில்லை. அவை வருவாய்த் துறை தருபவை, இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். சேர்க்கையின்போது கொடுத்த சாதிச் சான்றிதழைத் தேடுகிறீர்களோ என்று கோப்பையும் எடுத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் மட்டுமே இருக்கிறது. அசல் தங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தின் பின்புறத்திலேயே, எந்தச் சான்று, எதற்காக என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு நாளை காலை தம்பியிடம் கொடுத்து விடுங்கள். இப்போது நடப்பில் உள்ள செல் எண்ணையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூட்டத்துக்காக வெளியே போகிறார். போனஃபைடு என்றால் நாளை மாலைக்குள் கையெழுத்து வாங்கிவிடுவேன். கட்டணம் எதுவும் இல்லை. பையனின் பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இளநிலை உதவியாளர்

இணைப்பு: தாங்கள் அனுப்பிய சீட்டு