சத்துவாச்சாரி குடோன்: வாடகை ஒப்பந்தத்துடன் இணையும் உடன்பாட்டுக் கடிதம்

வேலூர்
10.06.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை குடோனில் நாம் பேசி ஒப்புக்கொண்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். இனி இதுவும் நம் வாடகை ஒப்பந்தத்தின் பகுதியே.

சரக்கு ஏற்றி இறக்கும் நேரம் காலை 7 முதல் இரவு 8 வரை. பள்ளிப் பிள்ளைகள் தெருவில் நடக்கும் காலை 8 முதல் 9.15 வரையும், மாலை 3.45 முதல் 4.45 வரையும் எந்த லாரியும் பின்னோக்கி வராது. சீக்கிரம் வந்துவிடும் லாரி தெருவில் நிற்காமல் நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் காத்திருக்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் இரவில் வருவதானால் முந்திய நாளே தங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவேன். மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அப்படிக் கேட்க மாட்டேன்.

ரேக்கின் ஒவ்வொரு தட்டுக்கும் வரம்பு 800 கிலோ. எங்கள் ஷூ அடிப்பாகப் பெட்டி ஒன்று 20 கிலோ. ஆகவே தட்டுக்கு 40 பெட்டிகள், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. எடையை நடுவில் குவிக்காமல் பரப்பி வைப்போம்; கனமானவை கீழ்த்தட்டில்தான். இந்த வரம்பை எழுதிய பலகையை ஒவ்வொரு வரிசையிலும் தாங்கள் பொருத்தித் தர வேண்டும். தட்டின் உயரத்தை இருவரும் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. இடைவெளி கூடினால் தூணின் தாங்கும் திறன் குறையும் என்று ரேக் அமைத்தவர் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். ஃபோர்க்லிஃப்ட் மோதித் தூண் வளைந்தால் அன்றே சரக்கை இறக்கிவிட்டு, தூணை மாற்றும்வரை அந்தப் பகுதியைப் பயன்படுத்த மாட்டோம். அந்தச் செலவு எங்களுடையது. துருவாலோ தளர்ந்த போல்ட்டாலோ வரும் பழுது தங்களுடையது.

தீ விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஐயா. ரப்பர் பற்றினால் கரும்புகை சில நிமிடங்களில் குடோனை நிறைத்துவிடும். உள்ளே எங்கள் ஆட்கள் இருப்பார்கள். பின்புறப் பாதை 4.5 மீட்டர் அகலத்துக்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைந்தால் மட்டும் போதாது, கதவைத் திறந்து குழாயை விரிக்கவும் இடம் வேண்டும். தங்கள் செங்கல்லையும் மணலையும் ஜூன் 20-க்குள் அகற்றித் தாருங்கள். எங்கள் காலிப் பெட்டிகளும் அங்கே கிடக்காது. ஆள் உள்ளே இருக்கும் நேரம் பின் ஷட்டரில் பூட்டு இருக்கக் கூடாது. ஷூ ஒட்டும் பசை எளிதில் தீப்பிடிப்பது என்பதால் ஒரு டின்கூட இங்கே வைக்க மாட்டேன். தீயணைப்பான்களுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு செய்வது என் பொறுப்பு; மின்கம்பிகளும் மெயின் சுவிட்சும் தங்கள் பொறுப்பு.

யாராவது ஒருவர் மீறினால் மற்றவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும். பாதை அடைபட்டால் மட்டும் அன்றே.

இரண்டு பிரதிகள், ஆளுக்கொன்று.

இப்படிக்கு,
(ஒப்பம்) வாடகைதாரர்

படித்துப் பார்த்து முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். செங்கல், மணல் இரண்டையும் சொன்ன தேதிக்குள் எடுத்துவிடுகிறேன்.
(ஒப்பம்) குடோன் உரிமையாளர்
11.06.2025